அந்த 'தூம்' எந்த இயந்திரத்தின் குரல்?



ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை செய்கிறவர்களிடம் அடிக்கடி வந்து சேரும் கேள்வி ஒன்று உண்டு. "ஒரு பாட்டு சார், பேர் மறந்துபோச்சு. ஆனா அதுல 'தூம்'னு ஒரு அடி வரும், அடிவயித்துல இறங்கும். அது என்ன மெஷின்?" சிலர் அடிக்குப் பதிலாகக் கைதட்டலைச் சொல்வார்கள். மெட்டும் சொற்களும் மறந்துவிட்டன. அந்த ஒரு ஒலி மட்டும் நிற்கிறது. அது நிற்பதற்குக் காரணமும் உண்டு. பாடகர் ஒரு வரியை இரண்டு முறை பாடினால் இரண்டு விதமாகப் பாடுவார். டிரம் மெஷினோ, முதல் நொடியில் போட்ட அடியையே ஏழாம் நிமிடத்திலும் போடுகிறது. காது அதைப் பாடமாகப் படித்துவிடுகிறது.

அந்த ஒலியின் இயந்திரத்தை எப்படி அடையாளம் காண்பது என்பதைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். பெரும்பாலானவர்கள் "கனமா இருந்தது", "கிண்ணுனு இருந்தது" என்று ஒலியின் குணத்திலிருந்து தொடங்குகிறார்கள். கனம், கூர்மை எல்லாவற்றையும் கலவை செய்கிறவர் ஒரு குமிழைத் திருப்பி மாற்றிவிடலாம். மாற்ற முடியாதது வேறொன்று. ஒவ்வொரு இயந்திரத்துக்கும் செய்ய முடியாத காரியங்கள் சில உண்டு. அந்த முடியாமைகளைத் தேடினால் இயந்திரம் தானே வெளிப்படும். இதுதான் நான் இன்று சொல்ல வந்த செய்தி.

ஒரு பாட்டை எடுத்துக்கொள்வோம். 1982-இல் நியூயார்க்கில் வெளியான 'பிளானெட் ராக்'. ஆஃப்ரிகா பம்பாட்டாவும் சோல்சோனிக் ஃபோர்ஸ் குழுவும் பாடியது, ஆர்தர் பேக்கர் தயாரித்தது. பாட்டைப் பெயரால் அறியாதவர்களுக்கும் அதன் தாளம் பரிச்சயமாக இருக்கும். அதன் வாரிசுகள் அத்தனை பாடல்களில் புகுந்திருக்கின்றன. அதில் ஒரு நீண்ட கிக், ஒரு கைதட்டல், மணி போன்ற ஒரு கௌபெல் ஒலி இருக்கின்றன. இவற்றை எந்த இயந்திரம் எழுப்பியது?

அந்தக் காலத்தில் டிரம் மெஷின்கள் இரண்டு குலமாகப் பிரிந்து நின்றன. ஒரு குலம் உண்மையான டிரம்மை ஒலிப்பதிவு செய்து, அந்தப் பதிவைச் சிப்பில் அடைத்து, பொத்தானை அழுத்தியதும் திருப்பி ஒலிக்கும். ரோஜர் லின் 1980-இல் கொண்டுவந்த எல்எம்-1, அதன் பிறகு வந்த லின்டிரம், ஓபர்ஹைம் நிறுவனத்தின் டிஎம்எக்ஸ் ஆகியவை இந்தக் குலம். இன்னொரு குலத்தில் எந்தப் பதிவும் கிடையாது. மின்சுற்றே ஒவ்வொரு முறையும் ஒலியைப் புதிதாகப் பிறப்பிக்கும். ரோலண்ட் நிறுவனத்தின் டிஆர்-808 இந்தக் குலத்தைச் சேர்ந்தது. அதுவும் 1980-இல் வந்ததுதான்.

இந்தப் பிரிவுக்குக் காரணம் பணம். அன்று நினைவகச் சிப் விலை உயர்ந்த பொருள். எல்எம்-1 ஐயாயிரம் டாலரை ஒட்டி விற்றது. அத்தனை விலை கொடுத்தும் அதில் நீண்டு ஒலிக்கும் கிராஷ் சிம்பல் இல்லை. நீளமான ஒலிக்கு நிறைய நினைவகம் வேண்டும் என்பதால் அதை விட்டுவிட்டார்கள். 808 அதில் கால் பங்கு விலை. உண்மையான டிரம் போல அது ஒலிக்கவில்லை என்று அப்போது பலர் ஒதுக்கினார்கள். 1983-இல் உற்பத்தியும் நின்றது. கடைகளில் பழைய பொருளாக மலிவாகக் கிடைத்தபோதுதான் அது இளைஞர்களின் கைக்குப் போனது.

ஆகவே நாம் முதலில் முடிவு செய்ய வேண்டியது இயந்திரத்தின் பெயரை அல்ல, குலத்தை. கிக்கிலிருந்து தொடங்குவோம்.

808-இன் கிக் எப்படிப் பிறக்கிறது என்று பாருங்கள். ஊஞ்சலை ஒரே ஒரு தட்டுத் தட்டிவிட்டுக் கையை எடுத்தால், அது தனக்கே உரிய வேகத்தில் ஆடி, வீச்சு குறைந்துகொண்டே வந்து நிற்கும் அல்லவா? 808-க்குள் இருக்கும் சுற்றும் அப்படித்தான். ஒரு மின்துடிப்பு அதைத் தட்டுகிறது. அது சுமார் 50 ஹெர்ட்ஸில் அதிர்ந்து மெல்ல அடங்குகிறது. தட்டு விழும் முதல் சில மில்லி விநாடிகளுக்கு மட்டும் சுருதி கொஞ்சம் மேலே இருக்கும். அதனால்தான் 'தூம்' என்பதற்கு முன்னால் ஒரு சிறிய 'டிக்' கேட்கிறது. எவ்வளவு நேரத்தில் அடங்க வேண்டும் என்பதற்கு டிகே என்ற குமிழ் இருக்கிறது. அந்த 'டிக்' எவ்வளவு தெரிய வேண்டும் என்பதற்கு டோன் குமிழ் இருக்கிறது. ஒலி அளவுக்கு இன்னொன்று. கிக்குக்கு அவ்வளவுதான். சுருதியை மாற்றுவதற்குக் குமிழே கிடையாது.

இதை நீங்களே பார்க்கலாம். பாட்டில் கிக் மட்டும் தனியாக விழும் ஓர் இடத்தைக் கண்டுபிடியுங்கள். ஆடாசிட்டி போன்ற இலவச மென்பொருளில் அந்த அடியைப் பெரிதாக்குங்கள். அலையின் ஒரு முகட்டிலிருந்து அடுத்த முகடு வரை எத்தனை மில்லி விநாடி என்று அளந்து பாருங்கள். 20 மில்லி விநாடி என்றால் 50 ஹெர்ட்ஸ். 808 என்றால், முதல் ஓரிரு அலைகள் நெருக்கமாக இருக்கும். அதன் பிறகு இடைவெளி ஏறக்குறைய ஒரே அளவாக, உயரம் மட்டும் குறைந்துகொண்டே போகும். அலை வழவழப்பாக, வளைந்து வளைந்து தெரியும். மரத்தின் அதிர்வோ, தோலின் கரகரப்போ, அறையின் எதிரொலியோ அதில் இருக்காது. 'பிளானெட் ராக்'கின் கிக் இந்தப் படத்துக்குப் பொருந்துகிறது.

ஒரு எச்சரிக்கை. 50 ஹெர்ட்ஸ் என்ற எண்ணைச் சாட்சியாக அதிகம் நம்பாதீர்கள். ஒரு 808-க்கும் இன்னொரு 808-க்கும் உதிரிபாகங்களின் வேறுபாட்டால் சுருதி சற்று விலகும். இசைத்தட்டோ நாடாவோ வேகம் மாறி ஓடியிருந்தாலும் விலகும். எண்ணைவிட, சுருதி அசையாமல் நிற்கிறதா என்பதே வலுவான சாட்சி.

அதே ரோலண்டின் பிந்தைய இயந்திரமான டிஆர்-909-ஐ இங்கே பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். 1983-இல் வந்தது. ஹவுஸ், டெக்னோ இசையின் முதுகெலும்பு அது. அதன் கிக்கும் மின்சுற்றில் பிறப்பதுதான். ஆனால் அதில் சுருதி உயரத்திலிருந்து கீழே சரிந்து வருவது காதுக்குத் தெளிவாகக் கேட்கும். அலைவடிவத்தில் இடைவெளி படிப்படியாக அகன்றுகொண்டே போகும். தொடக்கத்தில் ஓர் இரைச்சல் கலந்த சொடுக்கும் உண்டு. அந்தச் சொடுக்குக்கென்றே அட்டாக் என்ற குமிழ் இருக்கிறது. 808 வயிற்றில் இறங்கும், 909 நெஞ்சில் குத்தும். 1982-இல் வந்த பாட்டில் 909 இருக்க வழியில்லை என்பதால், நம் பாட்டைப் பொறுத்தவரை ஆண்டே இந்த ஐயத்தைத் தீர்த்துவிடுகிறது. கேட்பதற்கு முன்னால் ஆண்டைப் பாருங்கள். பாதி இயந்திரங்கள் அங்கேயே விலகிவிடும்.

மறு குலத்துக்கு எடுத்துக்காட்டாக நியூ ஆர்டர் குழுவின் 'புளூ மண்டே' பாட்டை எடுத்துக்கொள்வோம். 1983-இல் வந்தது. அதன் தொடக்கத்தைக் கேட்டவர்கள் மறக்க மாட்டார்கள். சில தனி அடிகள் விழும், பிறகு அதே கிக் துப்பாக்கி வேகத்தில் படபடவென்று பொழியும். இதையும் 808 என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அது டிஎம்எக்ஸ். காதாலேயே இதை எப்படிச் சரிபார்ப்பது?

பாட்டின் வேகம் நிமிடத்துக்கு 130 தட்டு. ஒரு தட்டுக்கு 460 மில்லி விநாடிக்கு மேல் சற்று வரும். ஒரு தட்டை நான்காகப் பிரித்தால் சுமார் 115 மில்லி விநாடி. அந்தப் படபடப்பில் அடிகள் இந்த இடைவெளியில் விழுகின்றன. நீளமாக வைத்த 808 கிக் இந்த வேகத்தில் தனித்தனி அடியாகக் கேட்காது. ஓர் அடி அடங்குவதற்குள் அடுத்தது விழுந்து, எல்லாம் சேர்ந்து ஒரே முழக்கமாகிவிடும். 'புளூ மண்டே'யில் ஒவ்வோர் அடியும் கத்தரித்து வைத்தது போல விலகி நிற்கிறது. "808-இலும் டிகேயைக் குறைத்து வைத்தால் அடி விலகி நிற்குமே" என்று நீங்கள் கேட்கலாம். நிற்கும். ஆனால் அப்போது மிஞ்சுவது ஒரு மெல்லிய முட்டல்தான். 'புளூ மண்டே' அடியிலோ குறுகிய நேரத்துக்குள் ஒரு தடித்த உடல் இருக்கிறது. அது உண்மையான டிரம்மின் பதிவிலிருந்து வருகிற உடல். ஆக, அடி குறுகியது என்ற செய்தி மட்டும் போதவில்லை. குறுகியும் கனமாக இருக்கிறது என்பதுதான் குலத்தைக் காட்டிக்கொடுத்தது.

இப்போது கைதட்டலுக்கு வருவோம். என் பார்வையில், கிக்கைவிடக் கைதட்டல்தான் நேர்மையான சாட்சி.

808-இன் கைதட்டலில் எந்தக் கையும் இல்லை. ரேடியோவில் நிலையம் கிடைக்காதபோது வரும் 'ஷ்ஷ்' இரைச்சல் போன்ற ஒன்றைச் சுற்று உண்டாக்கி, அதில் 1000 ஹெர்ட்ஸை ஒட்டிய பகுதியை மட்டும் வடிகட்டி எடுக்கிறது. பிறகு அதை ஒரேயடியாக வெளியே விடாமல், ஏறத்தாழ 10 மில்லி விநாடி இடைவெளியில் 'ட்-ட்-ட்' என்று துண்டு துண்டாக விட்டு, கடைசியில் ஒரு வாலை நீட்டுகிறது. பத்துப் பேர் கைதட்டினால் எல்லாக் கைகளும் ஒரே கணத்தில் சேர்வதில்லை. அந்தச் சிதறலைத்தான் முதல் துண்டுகள் காட்டுகின்றன. வால், அறையின் எதிரொலியைக் காட்டுகிறது. பாட்டை நான்கில் ஒரு பங்கு வேகத்துக்குக் குறைத்து ஓட்டினால், அந்தத் துண்டுகள் தனித்தனியாகக் காதில் விழும்.

இதில் ஒரு அழகான சோதனை இருக்கிறது. இரைச்சல் என்பது ஒரு கணம் இருந்தது போல மறுகணம் இருக்காது. எனவே 808 இயந்திரமே நேராக வாசித்த பாட்டில், ஒரு கைதட்டலும் அடுத்த கைதட்டலும் பொது வடிவத்தில் ஒத்திருக்கும், நுணுக்கத்தில் ஒத்திருக்காது. எல்எம்-1, லின்டிரம், டிஎம்எக்ஸ் ஆகியவற்றின் கைதட்டலோ சிப்பில் அடைத்த ஒரே பதிவு. ஆயிரம் முறை வந்தாலும் அதே பதிவுதான்.

சோதிக்கும் முறை இது. வேறு கருவி கலக்காத இடத்திலிருந்து இரண்டு கைதட்டல்களை வெட்டி எடுங்கள். இரண்டு தடங்களில் ஒன்றின் கீழ் ஒன்றாக, தொடக்கம் துல்லியமாகச் சேரும்படி வையுங்கள். ஒன்றைத் தேர்ந்தெடுத்து Invert கட்டளையைக் கொடுங்கள். அலை தலைகீழாகிவிடும். இப்போது இரண்டையும் சேர்த்து ஒலிக்கவிடுங்கள். இரண்டும் ஒரே பதிவென்றால் ஒன்றையொன்று தின்றுவிடும், ஏறக்குறைய ஒன்றும் கேட்காது. இரண்டும் தனித்தனியாகப் பிறந்தவை என்றால் இரைச்சல் அப்படியே மிஞ்சும். எம்பி3 கோப்பில் சுருக்கத்தின் கசடு கொஞ்சம் எஞ்சும் என்பதால், கூடியவரை சிடியிலிருந்து எடுத்த கோப்பையே பயன்படுத்துங்கள். கிக்குக்கு இந்தச் சோதனை உதவாது. 808-இன் கிக்கில் இரைச்சல் இல்லை, அதனால் அடிகள் இயல்பாகவே ஒன்றுபோல இருக்கும்.

சோதனையில் இரண்டும் மறைந்துபோனால், அது லின் இயந்திரம் என்று உடனே முடிவு கட்டிவிடக் கூடாது. 808-இன் ஒரு கைதட்டலைப் பிறகு யாரோ பதிவுசெய்து, சாம்பிளரில் போட்டுத் திரும்பத் திரும்ப ஒலித்திருந்தாலும் இதே விடைதான் வரும். ஒலியில் 'ட்-ட்-ட்' துண்டுகளும் இருந்து, சோதனையிலும் மறைந்துவிட்டால், நாம் கேட்பது 808-இன் நகல். ஒரே சோதனை இயந்திரத்தையும் அதன் நகலையும் பிரித்துக் காட்டுவதால்தான் கைதட்டலை நேர்மையான சாட்சி என்றேன்.

கிக், கைதட்டல் இரண்டும் ஐயத்தை விட்டுவைத்தால், அக்கம்பக்கத்து ஒலிகளிடம் போக வேண்டும். ஒரு பெட்டியிலிருந்து வரும் ஒலிகள் பெரும்பாலும் கூட்டமாகவே வரும். 'பிளானெட் ராக்'கின் கௌபெல்லை எடுத்துக்கொள்ளுங்கள். உண்மையான மணியின் சாயல் அதில் மிகக் குறைவு. 540, 800 ஹெர்ட்ஸை ஒட்டிய இரண்டு சதுர அலைகளைச் சேர்த்து உண்டாக்கிய ஒலி அது. அந்த இரண்டும் இசைவாகச் சேராமல், சற்றே முறைத்துக்கொண்டு நிற்கும். அதுதான் அதன் முகம். 1987-இல் விட்னி ஹூஸ்டன் பாடிய 'ஐ வான்னா டான்ஸ் வித் சம்படி'யிலும் அதே முகத்தைக் கேட்கலாம். 909-இல் கௌபெல்லே கிடையாது. எனவே கிக் 808-ஆ 909-ஆ என்று தடுமாறும்போது, அதே தாளத்தில் இந்தக் கௌபெல் ஒலித்தால் தராசு 808 பக்கம் சாயும்.

ஹை-ஹேட்டும் பேசும். 808-இல் ஆறு சதுர அலைகளின் கலவைதான் உலோக ஒலியாகிறது. 909-இல் ஹை-ஹேட்டுக்கும் மற்றச் சிம்பல்களுக்கும் உண்மையான சிம்பலின் பதிவை, குறைந்த துல்லியத்தில், சிப்பில் வைத்தார்கள். அதனால் அதில் ஒரு மணல் தன்மை இருக்கும்.

இன்னொரு முடியாமையும் உண்டு. 808-இல் கைதட்டலும் மராக்கஸும் ஒரே இடத்தைப் பங்கிட்டுக்கொள்கின்றன. ஒரு விசையைத் தள்ளி, இது வேண்டுமா அது வேண்டுமா என்று தேர்ந்தெடுக்க வேண்டும். டாமும் காங்காவும் அப்படியே. ஒரு பாட்டில் 808-இன் கைதட்டலும் மராக்கஸும் ஒரே கணத்தில் சேர்ந்து ஒலித்தால், இயந்திரத்தை இரண்டு முறை ஓட்டித் தனித்தனித் தடத்தில் பதிந்திருக்கிறார்கள், அல்லது நகல் ஒலிகளை வைத்துக் கட்டியிருக்கிறார்கள். இவ்வளவு சிறிய ஒரு விசை, ஒலிப்பதிவுக் கூடத்தில் நடந்த வேலைமுறையையே நமக்குச் சொல்லிவிடுகிறது.

நம் பாட்டில் எல்லாச் சாட்சிகளும் ஒரே திசையைக் காட்டுகின்றன. சுருதி அசையாத கிக், துண்டுதுண்டான கைதட்டல், முறைத்து நிற்கும் கௌபெல், 1982 என்ற ஆண்டு. வெளிச் சாட்சியும் கிடைத்திருக்கிறது. செய்தித்தாள் விளம்பரம் ஒன்றைப் பார்த்து, 808 வைத்திருந்த ஒருவரை வாடகைக்கு அழைத்து வந்ததாக ஆர்தர் பேக்கர் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். காது சொன்னதும் ஆள் சொன்னதும் பொருந்துகின்றன.

அதே 1982-இல் மும்பையில் சரண்ஜித் சிங் என்ற திரையிசைக் கலைஞர், இந்த 808-ஐயும் ரோலண்டின் வேறு இரண்டு இயந்திரங்களையும் வைத்துப் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் பதிவு செய்தார். அன்று அந்த இசைத்தட்டைப் பெரிதாக யாரும் கவனிக்கவில்லை. 2010-இல் மறுபதிப்பு வந்தபோது உலகமே திரும்பிப் பார்த்தது. நான் இன்று சொன்னவற்றைச் செய்து பழக அது நல்ல பாடம். வாத்தியங்கள் குறைவு, தாளம் திறந்த வெளியில் நிற்கிறது. ஒவ்வோர் ஒலியையும் தனியாகப் பிடித்துப் பார்க்கலாம்.

எங்கே தவறு நேர்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். முதலாவது தவறு கேட்கும் கருவியால் வருவது. கைப்பேசியின் சிறிய ஸ்பீக்கரால் 50 ஹெர்ட்ஸை ஒலிக்கவே முடியாது. அதில் 808 கிக்கைக் கேட்டால் 'தூம்' போய் 'டிக்' மட்டும் மிஞ்சும். கைப்பேசியில் கேட்டே பழகியவர் அதை ஏதோ கட்டைத் தட்டல் என்றே நினைவில் வைத்திருப்பார். மாறாக, ஆட்டோவில் பெரிய ஸ்பீக்கரில் கேட்டவருக்கு, சாதாரணமான குட்டைக் கிக்கும் பெரிய முழக்கமாக நினைவிருக்கும். எனவே ஒருவர் நினைவைச் சொல்லும்போது, எதில் கேட்டார் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, பதிப்பு. ஒரே பாட்டுக்கு வானொலிப் பதிப்பு, பன்னிரண்டு அங்குல இசைத்தட்டுப் பதிப்பு, பின்னாளைய ரீமிக்ஸ் என்று பல உண்டு. ரீமிக்ஸில் கிக்கையே மாற்றியிருப்பார்கள். நினைவில் நிற்பது எந்தப் பதிப்பு என்று தெரியாமல், கைக்குக் கிடைத்த கோப்பை ஆராய்ந்தால், சரியான முறையில் தவறான விடைக்குப் போய்ச்சேர்வோம்.

மூன்றாவது, இன்றைய ராப், டிராப் பாடல்கள். அவற்றில் கிக்கே பேஸ் கிட்டாரைப் போல சுரம் மாறி மாறி ஒலிக்கும். ஓர் அடி இரண்டு, மூன்று விநாடி நீளும். அதையும் '808' என்றே கூடங்களில் அழைக்கிறார்கள். ஆனால் பழைய இயந்திரத்தின் கிக்கில் சுருதிக் குமிழே இல்லை என்று பார்த்தோம். மெட்டுப் பாடும் கிக் கேட்டால், அது 808-இன் ஒலியை நகலெடுத்து, சாம்பிளரிலோ மென்பொருளிலோ சுருதி மாற்றியது, அல்லது அந்த ஒலியைப் பார்த்துப் புதிதாகச் செய்தது. பெரும்பாலும் அதை வேண்டுமென்றே கரகரப்பாக்கியும் இருப்பார்கள். அப்படிச் செய்தால் 50 ஹெர்ட்ஸோடு 100, 150 ஹெர்ட்ஸ் என்று மேல் அலைகள் சேரும். அவை சிறிய ஸ்பீக்கரிலும் கொஞ்சம் எட்டும்.

எனவே விடை சொல்லும்போது மூன்று படிகளாகச் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். அலைவடிவம் மட்டும் தெரிந்தால் குலத்தைச் சொல்லுங்கள்: "இது மின்சுற்றில் பிறந்தது", "இது பதிவு". அக்கம்பக்கத்து ஒலிகளும் ஆண்டும் பொருந்தினால் வகையைச் சொல்லுங்கள்: "இது 808-இன் ஒலி". கைதட்டல் சோதனையிலும் அடிக்கு அடி வேறுபாடு தெரிந்து, ஒலிப்பதிவில் இருந்தவர்களின் வாக்கும் சேர்ந்தால் மட்டும், "இந்தப் பாட்டை 808 இயந்திரமே வாசித்தது" என்று சொல்லுங்கள். முதல் படியில் நின்றுவிட்டாலும் குறைவில்லை. கேட்டவருக்கு அதுவே உண்மையான விடை. அவர் நினைவில் வைத்திருக்கும் பாட்டைத் தேடிப்போக அந்த அளவு போதும். இசைத்தட்டின் உறையில் டிரம் மெஷினின் பெயர் பெரும்பாலும் இருப்பதில்லை. அந்த இயந்திரங்களை வடிவமைத்தவர்களும் வாசித்தவர்களும் தங்கள் பெயரோடு நினைக்கப்படுவதற்கு, கவனித்துக் கேட்கும் காதுகள்தான் முதலில் வேண்டும்.